ஆவுடையப்பனின் விடை வரி

மே 12

இன்று முதல் நான் தாத்தாவின் கண். பதவி உயர்வு இல்லை, தண்டனை.

நடந்தது இதுதான். தாத்தா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். கைப்பிடியைத் திருகினால் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று நிறத்தில் எரியும் ஒரு டார்ச் அவரிடம் உண்டு. நேற்று மாலை அதில் சிவப்பை வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து, ஏறி வந்தவர்களுக்கெல்லாம் சிக்னல் கொடுத்தேன். எதிர்வீட்டு மாமி நிற்கவில்லை. அவருடைய பால் பாத்திரமும் நிற்கவில்லை. இரண்டு தளத்துக்கு உருண்டது.

அம்மா தீர்ப்பு சொன்னாள்: "தாத்தாவுக்கு இருவத்தி நாலாம் தேதி கண் ஆபரேஷன். அதுவரைக்கும் அவுகளுக்குப் பேப்பர், கடிதம், மாத்திரைச் சீட்டு எல்லாம் நீதான் வாசிக்கணும். லீவுதான ஒனக்கு?"

பதினோராம் வகுப்புக்குப் போகும் இந்த இலக்கியாவுக்கு இலக்கு ஒன்றும் இல்லாத லீவு. சரி என்றேன்.

முதல் நாளே ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தேவசகாயம் என்பவரின் பேத்திக்கு ஜூன் 10, நாசரேத்தில் திருமணம். அடியில் பேனாவால் எழுதியிருந்தது: "ஆவுடை, இந்த ஒரு தடவை வா." வாசித்தேன். தாத்தா கையை நீட்டி வாங்கி, மடித்து, மேசையின் ஆடும் காலுக்குக் கீழே வைத்துவிட்டார்.

பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த மேசை ஆடாமல் நிற்பது இதுவே முதல் தடவை.

மே 13

அம்மாவிடமிருந்து கறந்த கதை. (ஒரு கட்டு முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தேன். கறவைக்கூலி.)

தாத்தாவும் தேவசகாயமும் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. 1962இல் திருநெல்வேலியில் ஏதோ கணக்குப் போட்டி. வகுப்புக்கு ஒருவர்தான் போகலாம். ரயிலில் கூட்டிப்போவார்கள். தாத்தா அதுவரை ரயிலில் ஏறியதே இல்லை. யாரை அனுப்புவது என்று முடிவுசெய்ய வாத்தியார் ஒரே ஒரு பெருக்கல் கொடுத்தார். அந்தக் காலத்து வழக்கப்படி நோட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவன் நோட்டை இவன் திருத்த வேண்டும், இவன் நோட்டை அவன். வாத்தியார் விடையைக் கரும்பலகையில் எழுதுவார். 'விடை' என்று போட்டிருக்கும் வரியை மட்டும் பார்த்து, சரி அல்லது தப்புப் போட வேண்டும். அவ்வளவுதான்.

தேவசகாயம் தாத்தாவின் விடையில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி போட்டார். தேவசகாயம் ரயில் ஏறினார்.

"அப்பா இன்னைக்கு வரைக்கும் சொல்லுவாங்க, 'ஒம்போது சோதனை போட்டுப் பாத்துட்டுத்தான் நோட்டைக் குடுத்தேன், அது சரியான விடை, அந்தப் பய வேணும்னே தப்புப் போட்டான்'னு" என்றாள் அம்மா.

அறுபத்திரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு ரயிலைத் தவறவிட்டதற்காக முப்பத்தாறு வருஷம் ரயிலிலேயே வேலை பார்த்திருக்கிறார். பழிவாங்கல் என்றால் இதுதான்.

மே 15

விஷயம் சூடு பிடித்துவிட்டது. ஊரிலிருந்து கொம்பையா மாமா (தாத்தாவின் தம்பி மகன்) போன் செய்தார். பழைய வீட்டை இடிக்கிறார்களாம். டிரங்குப் பெட்டியில் 'S. ஆவுடையப்பன், VIII' என்று எழுதிய ஒரு நோட்டு கிடைத்ததாம்.

தாத்தா போனைக் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டார். "ஏல கொம்பையா, அதுல சிவப்புத் தப்புப் போட்ட ஒரு பெருக்கல் இருக்காலே?"

"இருந்துச்சு பெரியப்பா. போட்டோ புடிச்சுக் கோமதியக்காவுக்கு அனுப்பிட்டேன்."

"இருந்துச்சா? நோட்டு எங்கல?"

"பழைய பேப்பர்காரன் வந்தாம்லா…"

அடுத்த பத்து நிமிடம் தாத்தா பேசியதை நாட்குறிப்பில் எழுத முடியாது. ஆக, மிச்சம் ஒரே ஒரு போட்டோ. கோமதி என்கிற என் அம்மாவின் போனில்.

தாத்தா போனை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "எனக்கு மஞ்சத் தாளு மட்டுந்தான் தெரியுது. எழுத்தே இல்லையே."

எழுத்து இருக்கிறது. வெளிறிய நீல மை, பழுத்த தாள். கண்ணில் புரை விழுந்தால் உள்ளே இருக்கும் வில்லை மஞ்சளித்துப் போகுமாம், நீலம் சரியாக உள்ளே போகாதாம். டாக்டர் கொடுத்த தாளில் இருந்ததை நான்தான் வாசித்துக் காட்டியிருந்தேன். அதனால் அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது. எனக்கும் பாதிதான் (தெரியாத இலக்கத்துக்குக் கட்டம் போட்டிருக்கிறேன்):

      4 □ 6
   ×  3 5 □
   ————————
    3 □ 0 8
  2 3 8 0
1 4 □ 8
   ————————

அதற்குக் கீழே கூட்டல் விடை இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. இன்னும் கீழே:

விடை: 1 7 □ □ 0 8

அந்த இரண்டு கட்டத்தின் மேல்தான் அந்தச் சிவப்பு பென்சில் குறி, அழுத்தி, குறுக்கும் நெடுக்கும். கோபமாகப் போட்ட மாதிரி. பக்கத்தில் நீல மையில் இன்னொரு சின்னப் பெருக்கல் குறி, அதன் நான்கு பக்கத்திலும் ஒவ்வொரு எண்: இடது 8, வலது 7, மேலே 2, கீழே 2.

"அதாம்ட்டி ஒம்போது!" தாத்தா கத்தினார். "அதாம் நான் போட்ட சோதனை!"

மே 16

கணக்கை மீட்கும் பணி. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில். நான் வாசிப்பேன், அவர் மனசுக்குள் போடுவார்.

எனக்குக் குறும்பு செய்யக் கை அரித்தது. "மேல் எண்ணு 479 தாத்தா" என்று அடித்துவிட்டேன்.

"ரெண்டாவது வரி என்ன?"

"2380."

"அது அஞ்சால பெருக்குன வரி. ஒம்போதஞ்சு நாப்பத்தஞ்சு. கடைசில அஞ்சு வரணும். பூஜ்யம் எங்கருந்துட்டி வந்துச்சு? ஒழுங்கா வாசி, இல்ல செவிட்டுல வைப்பேன்."

கண் தெரியாதவரை ஏமாற்றலாம். கணக்குத் தெரிந்தவரை ஏமாற்ற முடியவில்லை. கடைசி எண் 6 என்று ஒப்புக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று அவிழ்ந்தது. 2380 என்பது மேல் எண்ணின் ஐந்து மடங்கு. அப்படியானால் 2380ஐ ஐந்தால் வகுத்தால் மேல் எண். 476. நடுக் கட்டம் 7!

அடுத்து, கீழ் எண்ணின் கடைசிக் கட்டம். முதல் வரி 8இல் முடிகிறது. ஆறை எதனால் பெருக்கினால் 8இல் முடியும்? மூவாறு பதினெட்டு, எட்டாறு நாற்பத்தெட்டு. 3 அல்லது 8. மூன்றால் பெருக்கினால் 1428, முதல் வரியோ 3இல் ஆரம்பிக்கிறது. ஆகவே 8. 476 × 8 = 3808. கட்டத்தில் 8.

மூன்றாவது வரி 476 × 3 = 1428. கட்டத்தில் 2.

கணக்கு: 476 × 358.

நேரே போன் கால்குலேட்டரைத் திறந்தேன். தாத்தா கையைத் தட்டிவிட்டார். "வேண்டாம். மூணு வரியையும் கூட்டு." கூட்டினேன். ஒவ்வொரு வரியும் ஒரு இடம் இடப்பக்கம் தள்ளி நிற்பதால் 3808, 23800, 142800. மொத்தம் 170408.

"விடை வரில என்ன இருக்கு? ஒண்ணு, ஏழு, ரெண்டு கட்டம், பூஜ்யம், எட்டு. பாத்தியா? நடுவுல பூஜ்யம் நாலு போட்டா அச்சு அசலா அதேதான்!" மேசையைத் தட்டினார். மேசை ஆடவில்லை. பத்திரிகை கீழே இருக்கிறதே.

மே 17

ஒன்பது சோதனையைக் கற்றுக்கொண்டேன். எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்ட வேண்டும். 476: நாலும் ஏழும் ஆறும் பதினேழு, ஒன்றும் ஏழும் 8. அது குறியின் இடது பக்கம். 358: பதினாறு, அது 7. வலது பக்கம். எட்டேழு ஐம்பத்தாறு, அது பதினொன்று, அது 2. மேலே. கடைசியாக விடையின் இலக்கங்கள். 170408: இருபது, அது 2. கீழே. மேலும் கீழும் ஒன்றானால் கணக்கு சரி.

"நான் போட்ட ரெண்டும் ரெண்டு, போட்டோவுலயே இருக்குல்லா?" என்றார் தாத்தா. "அப்ப அவம் என்னத்தத் திருத்துனான்?"

போட்டோவைப் பெரிய தாளில் கலரில் அச்சடித்துக் கல்யாணத்துக்குக் கொண்டுபோகப் போகிறாராம். மேடையில் ஏறி, எல்லோர் முன்னாலும் தேவசகாயத்தின் கையில் கொடுத்து, "வாசில" என்று சொல்லப் போகிறாராம்.

அம்மா, "அது கல்யாணம்பா, கோர்ட்டு இல்ல" என்றாள்.

மேசைக்கடியிலிருந்து பத்திரிகை எடுக்கப்பட்டது. மேசை மறுபடி ஆடுகிறது.

மே 19

அச்சு வந்தது. சுவர்க் காலண்டர் அளவு. அந்த இரண்டு இலக்கம் மட்டும் சிவப்புக்கு அடியில். "அதையும் வாசிச்சுச் சொல்லிட்டா போதும்ட்டி. அவன் மறுபேச்சு பேச முடியாது" என்றார்.

மாலையில் கரண்டு போனது. தாத்தாவின் டார்ச்சை எடுத்துத் திருகினேன். சிவப்பு எரிந்தது. வெளிச்சம் மேசைமேல் விழுந்தது.

சிவப்புக் குறியைக் காணோம்.

விளையாட்டில்லை. தாள் முழுக்கச் சிவப்பாகிவிட்டதால் சிவப்பு பென்சில் தாளோடு தாளாகக் கரைந்துவிட்டது. நீல மைக்குச் சிவப்பைத் திருப்பியனுப்பத் தெரியாது. அது மட்டும் கறுப்பாக எழுந்து நின்றது. அடியில் இருந்த இரண்டு இலக்கமும் பளிச்சென்று.

"தாத்தா, தெரியுது!"

"தெரியுதா?" எழுந்தே விட்டார். "பூஜ்யம் நாலா?"

நான் குனிந்தேன். இன்னொரு தடவை குனிந்தேன்.

"ஆமா தாத்தா" என்றேன். "பூஜ்யம், நாலு."

அவர் என் தலையில் கையை வைத்தார். கரண்டு வந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை. ஐந்து சாப்பிட்டேன் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

மே 20

நான் எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் திருத்தப் போவதில்லை.

அங்கே இருப்பது நாலு, பூஜ்யம். விடை: 174008.

கூட்டிப் பாருங்கள். 1, 7, 4, 0, 0, 8. இருபது. அது 2. ஒன்பது சோதனை கைதட்டி அனுப்பிவிடும். இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதே! அது ஆட்களை எண்ணும், யார் எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காது. பதின்மூன்று வயது ஆவுடையப்பன் மேலே மூன்று வரியையும் சரியாகப் போட்டான். கீழே விடை வரிக்கு இறக்கும்போது இரண்டு இலக்கத்தை மாற்றி எழுதினான். சோதித்தான். 2 வந்தது. நிம்மதியாக நோட்டைக் கொடுத்தான்.

தேவசகாயம் தப்புப் போட்டது சரி.

தாத்தா இன்று குளிக்கும்போது பாடினார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. கேட்காமலிருந்தது நல்லதுதான் என்று தெரிந்தது.

மே 24

ஆபரேஷன். வலது கண். இருபது நிமிடம்.

மே 25

கட்டைப் பிரித்தார்கள். தாத்தா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நர்ஸின் சேலையைப் பார்த்து, "இது ஊதாவா?" என்றார். ஆட்டோவில் வானத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து குளியலறை வாளியைப் பார்த்து, "இத்தன நாளும் இது பச்சைன்னுல்லா நெனச்சேன்!" என்றார்.

நீலமெல்லாம் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. நான் அச்சுத் தாளைச் சுருட்டி, பீரோவுக்குப் பின்னால் தள்ளினேன். தூசி படாமல் இருக்கத்தான்.

மே 29

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை. சொல்லிவிடலாமென்று போகிறேன், சொட்டு போட்டுவிட்டு வருகிறேன். ஆறு தடவையும் அப்படித்தான்.

இப்படியே போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேடையில் தாத்தா தாளை நீட்டுவார். தேவசகாயம் வாசிப்பார். அவருக்குக் கண் நன்றாக இருக்குமா என்று யாரிடம் கேட்பது?

ஜூன் 3

தாத்தா: "அந்தத் தாளு எங்கட்டி?"

நான்: "பத்திரமா இருக்கு."

தாத்தா: "பத்திரம்னா எங்க?"

"பத்திரம்னா… பத்திரமான எடத்துல." பத்திரத்தை வைத்துப் பதிவு அலுவலகம் வரைக்கும் ஓட்டியிருப்பேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி வழியாக ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பீரோவைக் காட்டினேன்.

ஜூன் 4

மதியம் தாத்தாவின் அறை சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சம். உள்ளே போனேன்.

கட்டிலில் தாளை விரித்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் மூன்று வரிக் கூட்டல். 170408. அதற்குக் கீழே 174008. இரண்டுக்கும் பக்கத்தில் ஒன்பது சோதனை. இரண்டிலும் 2.

"அறுவத்திரண்டு வருசமா இந்த ரெண்டை நம்பிட்டு இருந்திருக்கேன்" என்றார். தாளிடம்தான் சொன்னார்.

நான் நின்றேன். சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும் அல்லவா.

"நீ அன்னைக்கு என்ன வாசிச்ச?"

"பூஜ்யம் நாலு."

"என்ன தெரிஞ்சுது?"

"…நாலு பூஜ்யம்."

டார்ச்சை அணைத்தார்.

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க தாத்தா."

"வண்டிக்கு முன்னால தண்டவாளம் இல்லன்னு தெரிஞ்சும் பச்சை காட்டிருக்க" என்றார். "போ. சன்னலத் தொற."

திறந்தேன். வெளிச்சம் பட்டதால் என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெயில் காலம்.

ஜூன் 7

யாரிடமும் நான் ஒரு குறும்பும் செய்யவில்லை. எதிர்வீட்டு மாமி, "புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 9

தாத்தா வேட்டியை இஸ்திரி போடக் கொடுத்தார். மூன்று டிக்கெட் என்று அம்மாவிடம் சொன்னார். தாளைச் சுருட்டித் துணிப்பையில் வைத்தார். எதற்கு என்று கேட்கும் தைரியம் அம்மாவுக்கே இல்லை, எனக்கு எங்கே.

ஜூன் 10, திரும்பும் ரயிலில்

கை குலுங்குகிறது, எழுத்து கோணலாக வரும். பொறுத்துக்கொள், நோட்டே.

மண்டப வாசலிலேயே தேவசகாயம் நின்றிருந்தார். ஒல்லியாக, உயரமாக, கோட்டுக்குள் தொலைந்துபோன மாதிரி. தாத்தாவைப் பார்த்ததும் கும்பிடுவதா, கை கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்தார்.

தாத்தா மேடைக்குப் போகவில்லை. அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து தாளை எடுத்து மடியில் விரித்தார்.

"தேவா, நீ தப்புப் போட்டது சரிதாம்ல" என்றார். "நாலையும் பூஜ்யத்தையும் மாத்தி எறக்கிட்டேன். போன வாரந்தான் பாத்தேன். அறுவத்திரண்டு வருசம் ஒன்னைக் கள்ளப்பயன்னு ஊரெல்லாம் சொல்லிருக்கேன்."

தேவசகாயம் தாளை எடுத்துப் பார்த்தார். விடை வரியைப் பார்க்கவில்லை. அவர் விரல் அதற்கு மேலே, பூச்சி தின்ற இடத்தில் போய் நின்றது.

"இங்ஙன ஒண்ணு இருந்துச்சே மக்கா" என்றார். "கூட்டி எழுதிருந்தியே."

"பூச்சி தின்னுட்டு."

"பூச்சி தின்னுட்டு. நான் பாத்தேன்லா அன்னைக்கு." குரல் இறங்கிவிட்டது. "அதுல சரியா எழுதிருந்த. ஒண்ணு ஏழு பூஜ்யம் நாலு பூஜ்யம் எட்டு. கீழ எறக்கும்போதுதான் நீ மாத்திட்டன்னு எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு. சாரைக் கூப்ட்டுக் காட்டிருக்கலாம். விடை வரிய மட்டும் பாருன்னுதான சொன்னாரு, அது போதும்னு இருந்துட்டேன். ரயில்ல போகணும்னு எனக்கும் ஆசைல்லா."

இருவரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பாட்டுக் குழு மூன்றாவது பாட்டுக்குப் போய்விட்டது.

"அதாம்ல அவ்வளவு அழுத்திப் போட்டியா?" என்றார் தாத்தா.

"அடியில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாம இருக்கட்டும்னு போட்டேன்."

"போட்டில என்னாச்சு?"

"மொதக் கணக்கே தப்பு. போகும்போது ரயில்ல வேற வாந்தி."

தாத்தா சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. தேவசகாயமும் ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டார், யாரோ இரண்டு பெரியவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முழுக்கத் தப்பாகவும் நினைக்கவில்லை.

"சரி, வழிமுறைக்குப் பாதி மார்க்காவது போடு" என்றார் தாத்தா, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டி. தயாராகத்தான் வந்திருக்கிறார்! தேவசகாயம் அந்த மூன்று வரிக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டார். நாங்கள் கிளம்பும்போது ஸ்டேஷன் வரை வந்து, ரயில் நகரும்வரை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது அம்மா தூங்குகிறாள். தாத்தா சன்னலோரம். இவ்வளவு எழுதியதும் அவர் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கம் ஏதோ எழுதி என் மடியில் போட்டார். சிவப்பு மை.

'வாசித்தவர்: இலக்கியா. மார்க்: 04/100.'

"தாத்தா, இது நாப்பதுதான? மாத்தி எறக்கிட்டீங்களா?"

"நீ எப்படி வேணும்னாலும் வாசிச்சுக்கோ" என்றார், வெளியே வாழைத்தோப்புக்கு மேலிருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு இப்ப ஒரு கண்ணு நல்லாத் தெரியும்."